அப்பாவின் தொடை வலியும் கொலஸ்ட்ரோல் மாத்திரையும்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஹட்டன் மகள்

அப்பாவுக்கு 61 வயது. முப்பது வருசத்துக்கு மேல் கவ்வாத்து வெட்டியவர். போன வருசம் மாசியில் ஒரு விடியற்காலை, நெஞ்சை யாரோ அழுத்துகிற மாதிரி இருக்கிறது என்று சொல்லி லயத்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். கண்டிக்குக் கொண்டுபோய் ஸ்டென்ட் வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த மாத்திரைகளில் அட்டோவாஸ்டாட்டின் 40 மில்லிகிராமும் ஒன்று.

அப்பாவுக்கு அந்த மாத்திரை மேல் மட்டும் முதலிலிருந்தே சந்தேகம். மாரடைப்பு வந்த அன்று எடுத்த ரிப்போர்ட்டில் கெட்ட கொலஸ்ட்ரோல் 96தான். "எனக்குக் கொலஸ்ட்ரோல் இல்லையே, அப்புறம் எதுக்கு கொலஸ்ட்ரோல் மாத்திரை?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மூன்றாவது மாசம் இரண்டு தொடையும் கெண்டைக்காலும் வலிக்கிறது என்றார். பக்கத்து லயத்து மாமா, "அந்த மாத்திரை சதையைத் தின்னும்" என்று சொன்னதோடு சரி. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நிறுத்திவிட்டார்.

கிளினிக்கில் அடுத்த முறை இரத்தம் எடுத்தபோதுதான் தெரிந்தது. மாத்திரை குடித்தபோது 54க்கு இறங்கியிருந்தது, திரும்ப 101. வீட்டில் தேடினால் பிஸ்கட் டின்னுக்குள் ஏழு வாரத்து மாத்திரை அட்டைகள் அப்படியே இருக்கின்றன. நான் சத்தம் போடவில்லை. அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

வலிக்கு சிகே பரிசோதனையும் செய்தார்கள். 780 என்று வந்தது. லேப்காரர் 200க்குள் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார். இப்போது அப்பா, "பார்த்தியா, சதை கரைஞ்சிருக்கு" என்கிறார். நிறுத்திய பிறகு வலி போய்விட்டதா என்று கேட்டால், "கொஞ்சம்" என்கிறார். இதே மாதிரி யாருக்காவது நடந்திருக்கிறதா? கொலஸ்ட்ரோல் சரியாக இருப்பவருக்கு இந்த மாத்திரை எதற்கு?

மஸ்கெலியா ஐயா

மகள், நான் தோட்டத்து டிஸ்பென்சரியில் 28 வருசம் இருந்தவன். இந்த மாத்திரையில் சதை வலி வருவது உண்மை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, தொடை, இடுப்பு, தோள் என்று பெரிய சதைகளில் வரும். ஆரம்பித்த முதல் ஓரிரண்டு மாசத்திலோ அளவைக் கூட்டியதும்தான் பெரும்பாலும் வரும். அப்பா சொல்வது கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கிறது. கியூ10 என்று ஒரு மாத்திரை பாமசியில் விற்கிறார்கள், அதைக் கொடுத்தால் சரியாகிவிடும். 780 என்றால் நிறுத்தியதே நல்லது. 96 இருக்கிறவருக்கு 40 மில்லிகிராம் அதிகம் என்பதுதான் என் எண்ணம்.

பதுளை மருந்தாளர்

ஐயா வலியின் குணத்தைச் சொன்னது சரி. மற்றதில் நான் வேறுபடுகிறேன், கோபிக்க வேண்டாம்.

ஹட்டன் மகள், முதலில் நாட்களை எண்ணிப் பாருங்கள். சிகே எடுத்த அன்று அப்பா மாத்திரையை விட்டு ஏழு வாரம். அந்த மாத்திரை உடம்பில் சில நாட்களுக்கு மேல் நிற்காது. மாத்திரையால் ஏறியிருந்தால் அந்த ஏழு வாரத்தில் பெரும்பாலும் இறங்கியிருக்க வேண்டும். அப்படியானால் 780 எங்கிருந்து வந்தது? இரத்தம் எடுப்பதற்கு முந்தைய நாட்களில் அப்பா என்ன வேலை செய்தார் என்று கேட்டீர்களா? சிகே என்பது சதைக்குள் இருந்து இரத்தத்துக்குக் கசியும் ஒரு பொருள். மண் கொத்தினாலும், மூட்டை சுமந்து ஏற்றத்தில் ஏறினாலும் கசியும். அடுத்த ஓரிரண்டு நாளில் உச்சிக்குப் போய், ஒரு வாரம் வரை கூட இறங்காமல் நிற்கும். மலையில் உழைக்கிறவர்களுக்கு இந்த எண் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். ஒரு வாரம் பாரவேலை இல்லாமல் இருந்து மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

இப்போது அப்பாவின் கேள்வி. அது நல்ல கேள்வி. இரத்தக் குழாயின் சுவருக்குள் பல வருசமாகக் கொழுப்பு சேர்கிறது. அதன் மேல் மெல்லிய தோல் மாதிரி ஒரு மூடி இருக்கும். கஞ்சி ஆறும்போது மேலே படிகிற ஆடையை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வெள்ளணுக்கள் புகுந்து அழற்சி இருந்துகொண்டே இருக்கிறது, அது அந்த ஆடையை உள்ளிருந்து அரிக்கும். ஒரு நாள் ஆடை கிழிந்தால் அந்த இடத்தில் இரத்தம் உறைந்து குழாய் அடைபடும். பெரும்பாலான மாரடைப்பு இப்படித்தான் வருகிறது. ஸ்டென்ட் வைத்தது கிழிந்த ஓர் இடத்துக்கு. மற்ற இடங்களில் இருக்கும் ஆடைகளுக்கு ஸ்டென்ட் ஒன்றும் செய்யாது.

ஸ்டாட்டின் என்ற இந்த வகை மாத்திரையைக் குடித்தால் உள்ளே இருக்கும் மெத்தென்ற கொழுப்பு குறைகிறது, மூடி தடிக்கிறது. குழாய்க்குள் படம் எடுத்துப் பார்த்த ஆய்வுகளில் இது தெரிந்திருக்கிறது. இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி என்ற அளவும் இறங்குகிறது. அதனால்தான் மாரடைப்பு வந்தவருக்கு 96 இருந்தாலும் இதைக் கொடுக்கிறோம். ஒரு முறை வந்தவருக்கு 96 நல்ல எண்ணும் இல்லை, 55க்குக் கீழே கொண்டுவரப் பார்க்கிறார்கள்.

பண்டாரவளை அண்ணன்

நானும் இந்த மாத்திரைதான் குடிக்கிறேன். எனக்கும் கால் வலி. ஆனால் உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் இல்லை. ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு ஏறும்போது பாதி வழியில் வலது கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். இரண்டு நிமிசம் நின்றால் விட்டுவிடும், மறுபடி நடப்பேன். நானும் நிறுத்திப் பார்க்கலாமா? சிகரெட்டை விட்டு ஆறு மாசம்தான் ஆகிறது.

பதுளை மருந்தாளர்

அண்ணன், நிறுத்தவே வேண்டாம். ஒரு காலில் மட்டும், ஒரே தூரத்தில், நடந்தால் வந்து நின்றால் போகிற வலி மாத்திரை வலி மாதிரி இல்லை. காலுக்குப் போகும் இரத்தக் குழாய் சுருங்கியிருந்தால் இப்படி வரும். அப்படி இருந்தால் இந்த மாத்திரை உங்களுக்கு இன்னும் அதிகமாகத் தேவை. இந்த வாரமே டொக்டரிடம் காட்டுங்கள், பாதத்தில் நாடி அடிக்கிறதா என்று பார்ப்பார்கள்.

மஸ்கெலியா ஐயாவுக்கு: கியூ10 பற்றிய ஆய்வுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. விலையும் அதிகம். தோட்டத்துக் குடும்பத்திடம் அதை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2020இல் லண்டனில் ஒரு ஆய்வு வெளிவந்தது. ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிட்ட 60 பேரைச் சேர்த்தார்கள். ஆளுக்கு 12 போத்தல், மாசம் ஒன்று. நாலில் அட்டோவாஸ்டாட்டின் 20, நாலில் அதே மாதிரி இருக்கும் வெறும் மாத்திரை, நாலு காலி. எது மருந்து, எது வெறும் மாத்திரை என்று குடிப்பவருக்குத் தெரியாது. தினமும் எவ்வளவு கஷ்டம் என்று 100க்குப் புள்ளி போட வேண்டும். ஒன்றும் குடிக்காத மாசங்களில் சராசரி 8. ஸ்டாட்டின் மாசங்களில் 16.3. வெறும் மாத்திரை மாசங்களில் 15.4!

இதை வைத்து "வலி பொய்" என்று யாரிடமும் சொல்லாதீர்கள். அந்த 60 பேருக்கும் வலி நிஜமாகத்தான் இருந்தது. மாத்திரை குடிக்கிறோம், ஏதாவது செய்யும் என்ற பயத்தோடு உடம்பைக் கவனிக்கும்போது, எப்போதும் இருக்கிற வலியும் பெரிதாகத் தெரிகிறது. தங்கள் எண்களைத் தாங்களே பார்த்த பிறகு அவர்களில் பாதிப் பேர் மாத்திரையை மறுபடி தொடங்கினார்கள்.

அதே நேரம், உண்மையாகவே சதை சேதமாவதும் உண்டு, மிக அரிது. என் அனுபவத்தில் ஒரே ஒருவர். சிம்வாஸ்டாட்டின் குடித்துக்கொண்டிருந்தவருக்கு நெஞ்சுச் சளிக்கு வேறொரு இடத்தில் கிளாரித்ரோமைசின் எழுதிவிட்டார்கள். அது ஈரல் சிம்வாஸ்டாட்டினை உடைப்பதைத் தடுத்து இரத்தத்தில் குவிய விடும். நாலாவது நாள் கதிரையிலிருந்து எழும்ப முடியவில்லை, சிறுநீர் கடும் பிளேன்டீ நிறத்தில் போனது. அந்த நிறத்தைக் கண்டால் கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரி. எந்த டொக்டரிடம் போனாலும் கிளினிக் கொப்பியைக் காட்டச் சொல்வது இதற்காகத்தான்.

மஸ்கெலியா ஐயா

கியூ10 விசயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி, தங்கச்சி. மூடி தடிப்பது, அழற்சி இறங்குவது எல்லாம் மாத்திரையின் தனிக் குணமா, கொலஸ்ட்ரோல் இறங்குவதால் வருவதா?

பதுளை மருந்தாளர்

அதை இன்னும் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள், ஐயா. வேறு வழியில் கொலஸ்ட்ரோலை இறக்கும் ஊசி மருந்துகளும் மாரடைப்பைக் குறைக்கின்றன. அவை சிஆர்பியை இறக்குவதில்லை. அதை வைத்துப் பார்த்தால், நன்மையில் பெரும்பங்கு கொலஸ்ட்ரோல் இறங்குவதால்தான் என்று நான் நினைக்கிறேன். தனிக் குணம் எவ்வளவு என்று பிரித்துக் காட்டுவது கஷ்டம்.

ஹட்டன் மகள்

மூன்று மாசம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

கேட்டேன். இரத்தம் எடுப்பதற்கு முந்தைய இரண்டு நாளும் அப்பா லீக்ஸ் பாத்தி கொத்தியிருக்கிறார்! ஒரு வாரம் மண்வெட்டியைத் தொட விடாமல் வைத்து மறுபடி எடுத்தோம், 170. தைராய்டும் பார்த்தார்கள், நல்லபடியாக இருக்கிறது. தைராய்டு குறைந்தாலும் சதை வலி வரும், கொலஸ்ட்ரோலும் ஏறும் என்று டொக்டர் சொன்னார்.

அப்புறம் சுவர் கலண்டரில் அப்பாவையே எழுதச் சொன்னேன். ஒவ்வொரு இரவும் வலிக்கு 10க்கு எவ்வளவு என்று ஓர் எண். டொக்டரிடம் கேட்டு முதல் நாலு வாரம் மாத்திரை இல்லாமல், அடுத்த நாலு வாரம் 20 மில்லிகிராமோடு. மாத்திரை இல்லாத மாசம் பெரும்பாலும் 3, மாத்திரை மாசம் 3, சில நாள் 4. இரண்டு மாசத்திலும் நடுவில் சில 6 இருந்தது. அந்த நாட்களுக்குப் பக்கத்தில் அப்பா தானாகவே பென்சிலால் "பாத்தி", "விறகு" என்று எழுதி வைத்திருந்தார்.

இப்போது கெட்ட கொலஸ்ட்ரோல் 66. 40க்குத் திரும்பப் போவதா, 20ஐ வைத்துக்கொண்டு எசெடிமைப் என்ற இன்னொரு கொலஸ்ட்ரோல் மாத்திரையைச் சேர்ப்பதா என்று அடுத்த கிளினிக்கில் பேசுவதாகச் சொன்னார்கள். அப்பாவுக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. 40 என்றால் மறுபடி தொடை வலிக்கும் என்கிறார். ஆனால் பிஸ்கட் டின்னில் இப்போது பிஸ்கட்தான் இருக்கிறது. கஞ்சி ஆடையைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ உள்ளே இன்னும் எத்தனை இடத்தில அப்படி இருக்கும்?" என்று கேட்டார். அதற்கு என்ன சொல்வது, அக்கா?

பதுளை மருந்தாளர்

எண்ணிச் சொல்ல முடியாது என்று சொல்லுங்கள். அஞ்சியோகிராமில் குழாயின் உள்வழி எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்றுதான் தெரியும், சுவருக்குள் இருப்பது தெரியாது. கலண்டரை அடுத்த கிளினிக்குக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். 40க்குப் போனாலும் அந்த எண்களைத் தொடர்ந்து எழுதட்டும்.