நானூறு படகு, ஒரே காலை: பி-ட்ரீயா, எல்எஸ்எம்மா?

பாம்பன்_பையன்
400 விசைப்படகுக்கு ஜிபிஎஸ் தடம் சேமிக்கிறேன். நிமிஷத்துக்கு ஒரு வரி, வரிக்குச் சுமார் 100 பைட். நடுக்கடல்ல சிக்னல் கிடையாது. மறுநாள் விடியக்காலை கரை திரும்பினதும் எல்லா போனும் ஒரே நேரத்துல கொட்டுது. படகுக்கு 20 மணி நேரம்னா 1,200 வரி, மொத்தம் 4,80,000. வாரம் மூணு நாள் இப்படி. மைஎஸ்க்யூஎல், இன்னோடிபி. பிரைமரி கீ போனே உண்டாக்குற யூயூஐடி. 500 வரிக்கு ஒரு கமிட். முதல் மாசம் பத்து நிமிஷத்துல முடிஞ்சது. இப்ப 5.7 கோடி வரி சேர்ந்தாச்சு, ஒன்றே முக்கால் மணி நேரம் இழுக்குது. பழைய ஹார்டு டிஸ்க், பஃபர் பூல் 2 ஜிபி. ஏலம் முடியறதுக்குள்ள தடம் வரலைன்னு ஓனர்ங்க சத்தம் போடுறாங்க. ராக்ஸ்டிபி மாதிரி லாக்-ஸ்ட்ரக்சர்டு மெர்ஜ் மரம், அதாவது எல்எஸ்எம்முக்கு மாறிடலாமா? மாறினா படிக்கிறதுல எவ்வளவு நஷ்டம்?

மண்டபம்_ராக்ஸ்
மாறிடுங்க, இதுல யோசிக்க ஒண்ணுமில்ல. பி-ட்ரீ 100 பைட் வரிக்காக 16 கேபி பக்கத்தைத் திருப்பி எழுதுது. நூத்தி அறுபது மடங்கு. எல்எஸ்எம்ல வர்றதை மெம்டேபிள்ல அடுக்கி, நிறைஞ்சதும் ஒரே ஓட்டமா டிஸ்க்ல இறக்கும். உங்க ஒரு காலை சரக்கே 48 எம்பிதான். ராக்ஸ்டிபியோட மெம்டேபிள் டிஃபால்ட் 64 எம்பி. நானூறு படகும் ஒரே கூடையில அடங்கிடும். பி-ட்ரீ 1972-ல பேப்பரா வந்த சங்கதி தம்பி, இன்னும் அதைக் கட்டிக்கிட்டு அழணுமா?

உச்சிப்புளி_வெப்
லாக் முறைக்கு மாறினா படிக்கிற நேரத்துல டேபிள் மொத்தமும் லாக் ஆயிடாதா? எங்க பில்லிங் சாஃப்ட்வேர்ல அதான் பெரிய தலைவலி.

மண்டபம்_ராக்ஸ்
அண்ணே, இது பூட்டுற லாக் இல்ல. நாள்குறிப்பு மாதிரி வரிசையா எழுதிக்கிட்டே போற லாக்.

உச்சிப்புளி_வெப்
அடப்பாவிகளா, ரெண்டுக்கும் ஒரே ஸ்பெல்லிங்ல எழுதினா நான் என்ன பண்ணுவேன்.

தொண்டி_அக்கா
மண்டபம் தம்பி, நூத்தி அறுபது மடங்குங்கிறது பக்கத்துக்கு ஒரே ஒரு வரி மாறினாத்தான். பக்கம் எத்தனை வரியைச் சுமந்துக்கிட்டு டிஸ்க்குக்குப் போகுதுங்கிறதை கீயோட வரிசை தீர்மானிக்குது. பாம்பன் தம்பியோட கணக்கையே போட்டுப் பார்ப்போம்.

யூயூஐடி சுத்தமான குலுக்கல். அடுத்தடுத்த ரெண்டு வரி மரத்துல எங்கெங்கேயோ போய் உக்காரும். இப்படிக் கண்டபடி நுழைச்சா பக்கங்கள் முக்கால்வாசிக்கும் குறைவாத்தான் நிறைஞ்சு நிக்கும். அதனால 5.7 கோடி வரி டிஸ்க்ல 8 ஜிபி பக்கம் வரும். பஃபர் பூல் 2 ஜிபி. ஆக நாலுல மூணு வரிக்கு அது போக வேண்டிய பக்கம் நினைவகத்துல இருக்காது. 3,60,000 பக்கத்தை டிஸ்க்லேர்ந்து தூக்கணும். இடம் கொடுக்க, ஏற்கெனவே அழுக்கான பக்கங்களை வெளியே எழுதணும், அதுவும் ஏறக்குறைய அவ்வளவு. மொத்தம் ஏழு லட்சத்து இருபதாயிரம் தாவல். ஹார்டு டிஸ்க் நொடிக்கு நூத்தி இருபது தாவல் தாங்கும்னு வைங்க, 6,000 நொடி. நூறு நிமிஷம். உங்க ஒன்றே முக்கால் மணி நேரம் அதுதான்.

முதல் மாசம் ஏன் வேகமா இருந்துச்சுன்னா, அப்ப மரம் முழுசும் பூலுக்குள்ள அடங்கியிருந்துச்சு. எழுதுறது மெதுவாகக் காரணம் படிப்புதான். இதைப் பாருங்க, காலையில ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை:

```sql
SHOW GLOBAL STATUS LIKE 'Innodb_buffer_pool_read%';
```

`Innodb_buffer_pool_reads` எவ்வளவு ஏறுதோ அதுதான் டிஸ்க்குக்கே போன எண்ணிக்கை. லட்சக்கணக்குல ஏறினா நான் சொன்னது சரி. ஏறலைன்னா நான் தப்பு, வேற இடத்துல தேடுவோம்.

இப்ப கீயை மட்டும் மாத்துங்க:

```sql
PRIMARY KEY (boat_id, ts)
```

ஒரு படகோட 1,200 வரியும் பக்கத்துல பக்கத்துல உக்காரும். 120 கேபி, அதாவது எட்டு பக்கம். 400 படகுக்கு, ஒவ்வொண்ணோட கடைசிப் பக்கத்தையும் ஒரு தடவை தூக்க 400 படிப்பு, எழுத 3,200 பக்கம். அரை நிமிஷ வேலை. இன்னோடிபி டபுள்ரைட்டுக்காக ரெண்டு தடவை எழுதும், அதையும் சேர்த்து ஒரு நிமிஷம்னே வைங்க. எஞ்சினை மாத்தவே வேணாம்.

பாம்பன்_பையன்
அக்கா, இன்னிக்குக் காலை எடுத்தேன். ஏத்துறதுக்கு முன்னாடிக்கும் பின்னாடிக்கும் வித்தியாசம் 3,41,000. ஆனா சில படகுல டிரைவர் போன், ஓனர் பையன் போன்னு ரெண்டு ஓடுது. ஒரே நொடியில ரெண்டு வரி வந்தா மோதுமே? அதுக்குத்தான் யூயூஐடி வச்சேன். சிக்னல் விட்டு விட்டு வர்றதால போன் அனுப்பினதையே மறுபடி அனுப்பும் வேற.

தொண்டி_அக்கா
அப்ப `(boat_id, ts, device_id)`. மறுபடி வந்தா `INSERT IGNORE` கண்டுக்காம விட்டுடும். போனுக்கு ரெண்டு எழுத்து அடையாளம் போதும், 36 எழுத்து எதுக்கு?

மண்டபம்_ராக்ஸ்
அக்கா கணக்கு சரி, ஆனா எல்எஸ்எம் பக்கக் கணக்கை விட்டுட்டீங்க. இறக்கின கோப்புகளைப் பின்னாடி சேர்த்து அடுக்குற கம்பாக்ஷன்ல ஒரு வரி லெவல் லெவலா இருபது தடவை திருப்பி எழுதப்பட்டாலும் 48 எம்பி ஒரு ஜிபிதான் ஆகுது, அதுவும் நேர்கோட்டு ஓட்டம். யூயூஐடி பி-ட்ரீ இன்னிக்கு 3.6 லட்சம் பக்கம், கிட்டத்தட்ட 6 ஜிபி, தாவித் தாவி. கீ எப்படி இருந்தாலும் எல்எஸ்எம் கலங்காது. படிக்கிறதுலயும் நஷ்டம் இல்ல. ஓனர் கேக்குறது நேத்து ராத்திரித் தடம், அது மெம்டேபிள்லயே இருக்கு. பழசுக்கு ப்ளூம் ஃபில்டர் இருக்கு, கீக்கு 10 பிட் கொடுத்தா நூத்துல ஒண்ணுதான் ஏமாத்தும்.

தொண்டி_அக்கா
முதல் பாதி ஒத்துக்கிறேன். குலுக்கல் கீயை விடவே முடியாதுன்னா எல்எஸ்எம்தான் ஜெயிக்கும்.

ரெண்டாவது பாதி சரியில்ல. ப்ளூம் ஃபில்டர் "இந்தக் கீ இருக்கா"ன்னு கேட்டாத்தான் பதில் சொல்லும். ஓனர் கேக்குறது "214-ம் நம்பர் படகு, நேத்து காலை அஞ்சு மணியிலேர்ந்து இன்னிக்கு வரைக்கும்". அது வீச்சுத் தேடல், அங்க சாதாரண ஃபில்டர் கைவிரிச்சிடும். வேண்டிய வரியெல்லாம் மெம்டேபிள்லயே இருந்தாலும் எஞ்சினுக்கு அது தெரியாதே. அதே படகு கீழே எங்கயாவது இருக்குமோன்னு புதுசா இறங்கின கோப்புங்க சேர்ற எல்0 லெவல்ல கிடக்கிற ஒவ்வொரு கோப்புலயும், அப்புறம் ஒவ்வொரு லெவல்லயும் ஒரு விரலை வச்சு, எல்லாத்தையும் சேர்த்து அடுக்கித்தான் கொடுக்கும். எல்0-ல மூணு, கீழே மூணு லெவல்னா ஆறு விரல். பி-ட்ரீல மேல் கிளைகள் பூல்லயே கிடக்கும், ஒரே விரல். கேச் காலியா இருக்கிறப்ப ஹார்டு டிஸ்க்ல 8 மில்லிசெகண்டுக்கும் 50-க்கும் உள்ள வித்தியாசம். ஒரு ஓனருக்கு உறைக்காது. நானூறு பேரும் ஏழு மணிக்கு ஒண்ணா திறந்தா உறைக்கும்.

கீழக்கரை_கருவாடு
நம்ம கதையைக் கேளுங்க. கருவாடு ஆர்டர் வரிசையை எல்எஸ்எம்ல வச்சேன். ஆர்டர் வரும், பேக் பண்ணினதும் அழிப்பேன். எப்பவும் முப்பது நாப்பது ஆர்டர்தான் உயிரோட இருக்கும். ஆனா "அடுத்த ஆர்டர் எது"ன்னு கேட்டா நாளுக்கு நாள் லேட். அழிச்சது உடனே போறதில்ல, அழிச்சதுக்கு அடையாளமா டூம்ஸ்டோன்னு ஒண்ணு எழுதி வைக்குது. எங்க ஊர் பேச்சுல மீசான் கல்லுன்னு வைங்க. வரிசையோட தலைப்பக்கம் பூரா மீசான் கல்லு, உயிருள்ள ஆர்டரைத் தேட அத்தனையையும் தாண்டிப் போகணும். கடைசியில அதை மட்டும் பி-ட்ரீக்கே கொண்டு வந்துட்டேன்.

பாம்பன்_பையன்
காக்கா, நான் அழிக்கிறதே இல்லையே. சேத்துக்கிட்டேதான் போறேன்.

கீழக்கரை_கருவாடு
இன்னிக்கு இல்ல தம்பி. டிஸ்க் நிறையும் பாருங்க, அன்னிக்கு அழிப்பீங்க.

மண்டபம்_ராக்ஸ்
அதுக்கும் வழி இருக்கு காக்கா. ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், 61 நாள் ஒரு எழுத்தும் வராது. அந்த நேரத்துல கம்பாக்ஷன் எல்லாத்தையும் கூட்டிப் பெருக்கி ஒழுங்கு பண்ணிடும்.

தொண்டி_அக்கா
பண்ணாது. சாதாரண அமைப்புல கம்பாக்ஷனைத் தள்ளிவிடுறதே எழுத்துதான். எல்0-ல நாலு கோப்பு சேரணும், இல்ல ஒரு லெவல் தன் அளவைத் தாண்டணும். கடைசி நாள் மூணு கோப்போட நின்னா, பெரும்பாலும் 61 நாளும் அந்த மூணு அப்படியே கிடக்கும். கையால ஓட்டணும்:

```
ldb --db=/data/tracks compact
```

உண்மையில பயப்பட வேண்டியது மறுபக்கம். எழுத்து வர்ற வேகத்துக்கு கம்பாக்ஷன் ஈடு கொடுக்காட்டி எல்0-ல கோப்பு குவியும். 20 தொட்டா எழுத்தை மெதுவாக்கும், 36 தொட்டா நிறுத்தியே வைக்கும். `LOG` கோப்புல `Stalling writes because we have` அப்படின்னு வரி வந்தா அதான் அறிகுறி. ஆனா இந்த 48 எம்பிக்கு அது வராது, அதை வச்சு நான் பயமுறுத்த மாட்டேன்.

மண்டபம்_ராக்ஸ்
சரி, தடைக்கால விஷயம் எனக்குத் தெரியாதுதான். இப்ப நான் ஒண்ணு கேக்குறேன். ஓனர் நாளைக்கு "அந்தக் கட்டத்துல அன்னிக்கு வேற யார் யார் நின்னாங்க"ன்னு கேப்பான், நல்ல பாடு கிடைச்ச இடம்னா கண்டிப்பா கேப்பான். அதுக்கு `(grid, ts)` இன்டெக்ஸ் போடணும். ஒரு படகோட 1,200 வரி ஐம்பது கட்டத்துல சிதறும். உங்க எட்டு பக்கக் கணக்கு அங்க செல்லாதே?

தொண்டி_அக்கா
நல்ல கேள்வி. அது யூனிக் இல்லாத இன்டெக்ஸ்ங்கிறதால இன்னோடிபியோட சேஞ்ச் பஃபர் உதவும், பூல்ல இல்லாத பக்கத்துக்கான மாற்றத்தைச் சேத்து வச்சு அப்புறம் ஒட்டும். 8.4 பதிப்புல டிஃபால்ட்டா அது அணைஞ்சிருக்கு, நீங்களே போட்டுக்கணும். அதுபோக ஐம்பது கட்டம்னாலும் நம்ம படகுங்க போறது திரும்பத் திரும்ப அதே கட்டங்களுக்குத்தான். அந்தப் பக்கங்கள் பூல்லயே தங்கும்னு நினைக்கிறேன்.

மண்டபம்_ராக்ஸ்
"நினைக்கிறேன்". வாடைக் காலத்துல ஒரு இடம், கச்சான் அடிச்சா வேற இடம் அக்கா. பாக் நீரிணையில ஓடுறவங்களைக் கேட்டுப் பாருங்க.

பாம்பன்_பையன்
ரெண்டு பேரும் பொறுங்க. கட்டம் இன்டெக்ஸ் இப்போதைக்கு இல்லை. புது டேபிள் போட்டு, பழைய வரிகளைப் படகு, நேரம்னு வரிசைப்படுத்தி ஊத்திக்கிட்டிருக்கேன். மூணு மணி நேரமா ஓடுது. சனிக்கிழமை டோக்கன், ஞாயிறு காலை படகு கரை வரும். அன்னிக்கு `Innodb_buffer_pool_reads` எவ்வளவு ஏறுச்சுன்னு இங்கயே போடுறேன்.

உச்சிப்புளி_வெப்
அதுவரைக்கும் டேபிளை லாக் பண்ணிட்டீங்களா, இல்லையா?