உதவி: சோலார் ஹீட்டர் டேங்கில் ராத்திரியோடு சூடு போய்விடுகிறது, எதைச் சுற்றுவது?

மலைக்காற்று:
குன்னூரில் வீடு. மொட்டை மாடியில் 200 லிட்டர் சோலார் ஹீட்டர், கண்ணாடிக் குழாய் வைத்தது, ஆறு வருஷமாகிறது. சாயங்காலம் ஆறு மணிக்குத் தண்ணீர் 58 டிகிரி, காலை ஆறு மணிக்கு 39. ராத்திரியில் யாரும் திறப்பதில்லை. டேங்கிலிருந்து குளியலறை வரை 18 மீட்டர் சிபிவிசி பைப் முக்கால் இன்ச், முழுக்க வெறுமையாக ஓடுகிறது. டேங்கையும் பைப்பையும் சேர்த்துச் சுற்றிவிடலாமா? எந்தப் பொருள் நல்லது?

சிங்காரச்சென்னை:
எங்கள் வீட்டு கீசரிலும் இதே கதை. சுவிட்சைப் போட்டு அரைமணி ஆனாலும் வெதுவெதுப்புதான். காயிலில் உப்பு படிந்திருக்கும், மாற்றிப் பாருங்கள்.

மலைக்காற்று:
சார், சாயங்காலம் நன்றாகத்தான் கொதிக்கிறது. ராத்திரி நிற்கும்போது ஆறுவதுதான் பிரச்சினை.

வேலைக்காரன்_72:
கிளாஸ் உல் இரண்டு இன்ச் வாங்கி டேங்கைச் சுற்றி, மேலே தார்ப்பாய் போட்டுக் கட்டுங்கள். நான் அப்படித்தான் செய்தேன், முதல் வருஷம் அருமை.

பைப்மேஸ்திரி:
முதல் வருஷம் அருமைதான். இரண்டாவது மழைக்குத் தார்ப்பாய் கிழிந்து உல் நனைந்திருக்குமே? நனைந்த உல் ஈரத்துணியைப் போர்த்தியது மாதிரி.

மலைக்காற்று தம்பி, வாங்குவதற்கு முன் ஒரு ராத்திரி செலவிடுங்கள். 200 லிட்டரில் ஒரு டிகிரி என்பது கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. 19 டிகிரி போனால் கிட்டத்தட்ட நாலரை யூனிட். பைப்பில் நிற்கும் தண்ணீர் மொத்தமே நாலரை லிட்டர்தான், அது ஆறிப்போவதால் இவ்வளவு போகாது. வெறும் பைப் அரைமணியில் பெரும்பாலும் ஆறிவிடும். 13 மி.மீ. ரப்பர் சுற்றினாலும் கூடுதலாக ஒரு மணிநேரம், அவ்வளவுதான், விடிவதற்குள் எப்படியும் பச்சைத் தண்ணீர்தான். அடுத்தடுத்துக் குளிக்கிற வீட்டில்தான் அந்தச் சுற்று பயன்படும்.

அதனால் ஹாட் லைனில் டேங்க் பக்கத்து வால்வைச் சாயங்காலம் மூடுங்கள். காலையில் திறந்து, முதல் வாளியை விட்டுவிட்டு அடுத்த வாளியில் தெர்மாமீட்டர் வையுங்கள். முதல் வாளியில் வருவது பைப் தண்ணீர், உங்கள் 39-இல் அது கலந்திருக்கலாம்.

மலைக்காற்று:
மூன்று ராத்திரி பார்த்தேன். வால்வை மூடினால் 58-லிருந்து 49. மூடாமல், முதல் வாளியை ஊற்றிவிட்டு அளந்தால் 42. பைப்பில் ஒழுகல் எங்கேயும் இல்லையே, பின் ஏழு டிகிரி எங்கே போகிறது?

பைப்மேஸ்திரி:
குளியலறையில் ஹேண்ட் ஷவர் இருக்கா? சூடு, பச்சை இரண்டு திருகையும் திறந்து வைத்து, கையிலுள்ள பட்டனில்தான் நிறுத்துகிறீர்களா?

மலைக்காற்று:
ஆமாம், வீட்டில் எல்லோரும் அப்படித்தான்.

பைப்மேஸ்திரி:
அப்போ மிக்சருக்குள் இரண்டு லைனும் ராத்திரி முழுக்கக் கைகோர்த்து நிற்கிறது. பச்சைத் தண்ணீர் கனம், அந்த வழியாக ஹாட் பைப்பில் ஏறி டேங்குக்குள் போகிறது. திருகுகளை மூடிப் பழக்குங்கள், முடியாவிட்டால் ஹாட் லைனில் ஒருவழி வால்வு போடுங்கள். ஸ்பிரிங் வைத்தது வேண்டாம், மாடி டேங்க் அழுத்தம் அதைத் தள்ளாது, நாக்கு மாதிரி ஆடும் வகை வாங்குங்கள்.

மீதி ஒன்பது டிகிரியும் எனக்கு அதிகமாகத்தான் படுகிறது. விடியுமுன் டார்ச்சோடு டேங்கைப் பாருங்கள். பனி எங்கே படியவில்லை?

மலைக்காற்று:
டேங்கின் தகடு முழுக்கப் பனித்துளி. ஆனால் மேற்குப் பக்க எண்ட் கேப் கிட்ட, அடியில், இரண்டு உள்ளங்கை அகலத்துக்குக் காய்ந்து கிடக்கிறது. தொட்டால் வெதுவெதுப்பு. கேப் ஓரத்தில் துருக்கறை வேறு.

பைப்மேஸ்திரி:
அங்கே மழைத்தண்ணீர் இறங்கி உள்ளே சூடு காக்கும் பஃப் ஃபோம் நனைந்திருக்கிறது. வெளியே என்ன சுற்றினாலும் உள்ளே ஈரம் அப்படியே. கேப் ஓரத்தை சிலிகான் வைத்து மூடுங்கள், ஆனால் மழையில்லாத ஒரு மாதம் காய விட்டுவிட்டுத்தான்.

வேலைக்காரன்_72:
தகட்டை வெட்டி நனைந்த பஃபை எடுத்துவிட்டு ஸ்பிரே ஃபோம் அடித்தால் என்ன?

பைப்மேஸ்திரி:
செய்து பார்த்தவர்களைத் தெரியும், ஒருவருக்கு நின்றது, இன்னொருவருக்கு ஆறு மாதத்தில் திரும்பவும் கசிவு. டேங்க் ஆறு வருஷம் ஓடியது என்பதால் நான் வெட்டச் சொல்லமாட்டேன்.

பைப்புக்குச் சுற்றுவதென்றால் டேங்கிலிருந்து வெளியே வரும் முதல் ஒன்றரை மீட்டரிலிருந்து ஆரம்பியுங்கள். அந்தப் பகுதியை டேங்க் சூடாக்கிக்கொண்டே இருக்கும், அதனால் அங்கேதான் ராத்திரி முழுக்கச் சூடு போகும். உங்கள் பைப்புக்கு 22 மி.மீ. துளையுள்ள கருப்பு நைட்ரைல் ட்யூப், கடைக்காரர் 28 கொடுத்தால் வாங்காதீர்கள், அது ஜிஐ பைப்புக்கு. வெயில் பட்டால் வெடித்து உதிரும், மேலே அலுமினியம் டேப் சுற்றுங்கள். மேலே நீட்டி நிற்கிற காற்றுக்குழாய் வாயை மட்டும் எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள், டேங்க் நசுங்கிவிடும்.

சிங்காரச்சென்னை:
எங்கள் ஹேண்ட் ஷவரும் பட்டன்தான்... கீசருக்கும் இது பொருந்துமா?