மகளுக்கு வாங்கின மலிவு லேப்டாப் பதினாலே மாசத்துல நிரம்பிடுச்சு. டேப்லெட்டே வாங்கியிருக்கணுமோ? பட்டவங்க சொல்லுங்க

கயல்அம்மா

பொண்ணு ஒன்பதாவது. டேப்லெட்டா லேப்டாப்பான்னு மூணு வாரம் வீட்ல சண்டை. விலை ரெண்டுக்கும் ஏறக்குறைய ஒண்ணுதான். கீபோர்டு இருக்கு, பன்னெண்டாவது வரைக்கும் தாங்கும்னு லேப்டாப்பை எடுக்க வச்சது நான்தான். 4 ஜிபி ராம், 64 ஜிபி ஸ்டோரேஜ்.

போன ஞாயிறு ராத்திரி பத்தரை. மறுநாள் காலைல அறிவியல் ப்ராஜெக்ட் கொடுக்கணும். இருபத்திரண்டு ஸ்லைடு முடிச்சு சேவ் பண்ணா, டிஸ்க்ல இடம் இல்லேங்குது. This PC திறந்தேன். C: கோடு முழுக்கச் சிவப்பு. 57.6 ஜிபியில 212 எம்பி மிச்சம். சினிமா வச்சிருக்கியா, கேம் போட்டியான்னு அவளைக் கத்திட்டேன். ஒண்ணுமே இல்ல. அவளோட ஃபைல் எல்லாம் சேர்த்தே 3 ஜிபி வரல. கடைசியில ஸ்க்ரீன்ல இருந்த ஸ்லைடை ஒவ்வொண்ணா என் போன்ல போட்டோ எடுத்தோம். போன் வெளிச்சத்துல அவ அழுதுக்கிட்டே அடுத்த ஸ்லைடு, அடுத்த ஸ்லைடுன்னு தட்டினது கண்ணுலயே நிக்குது.

சால்டரிங்_சாமி

பொண்ணு மேல தப்பே இல்லீங்க. நான் லேப்டாப் சர்வீஸ் பண்றவன். இந்தச் சிவப்புக் கோட்டை வாரத்துக்கு ஒண்ணாவது பார்க்கிறேன்.

64ன்னு பெட்டியில போட்டிருக்கும். விண்டோஸ் கணக்குப் போடுற முறையில அது 59 சொச்சம்தான். மீட்புக்குன்னு ஒரு பகுதியை ஒதுக்கினது போக உங்களுக்குக் காட்டுறது அந்த 57.6. அதுல விண்டோஸும் அது தனக்குன்னு பிடிச்சு வச்சிருக்கிற இடமும் சேர்ந்து சுமார் 30. ஆபீஸ் மென்பொருள், ரெண்டு பிரவுசர், ஆன்லைன் வகுப்பு ஆப் போட்டா இன்னும் பத்து போயிடும். மிச்சம் இருக்கிற இடத்துலதான் அப்டேட் இறங்கணும். பெரிய அப்டேட் வந்தா பழைய விண்டோஸையும் Windows.oldன்னு ஒரு ஃபோல்டர்ல பத்து நாள் வச்சிருக்கும். அந்தப் பத்து நாளுக்குள்ளதான் உங்க ஞாயித்துக்கிழமை வந்து மாட்டியிருக்கும்னு நினைக்கிறேன்.

இப்போதைக்கு Settings, System, Storage, Temporary files வரைக்கும் போங்க. Previous Windows installation(s), Windows Update Cleanup ரெண்டையும் டிக் பண்ணி அழிங்க. அதுலயே Downloads ஃபோல்டரும் ஒரு வரியா இருக்கும். அதை மட்டும் யோசிக்காம டிக் பண்ணிடாதீங்க. அடுத்த பெரிய அப்டேட்டுக்கு இடம் பத்தலேன்னா வெளி டிரைவ் சொருகச் சொல்லிக் கேட்கும். 10 ஜிபிக்கு மேல காலியா இருக்கிற பென் டிரைவ் ஒண்ணு போதும். அப்டேட் முடியிற வரைக்கும் அதைப் பிடுங்கக் கூடாது.

ஆனா இது ஒத்தடம்தான். போன மாசம் ஒருத்தர் இதே ரக மிஷினோட, கையில புது 512 ஜிபி எஸ்எஸ்டியும் வாங்கிக்கிட்டு வந்தார். பின்மூடித் திருகை எல்லாம் கழற்றிக் காட்டினேன். எஸ்எஸ்டி சொருக இடமே இல்ல. விரல் நக அளவு கறுப்புச் சில்லு ஒண்ணு, போர்டோட பற்றவச்சது. மொத்த ஸ்டோரேஜும் அதுதான். ராமும் அப்படியே பற்றவச்சது. மனுஷன் டார்ச்சை வாங்கி மூலை மூலையா அடிச்சுப் பார்த்தார். eMMCன்னு விவரத்துல போட்டிருந்தா ஸ்டோரேஜ் இப்படி போர்டோட பற்றவச்சதுன்னு அர்த்தம். அந்தச் சில்லு போச்சுன்னா போர்டையே மாத்தணும். போர்டு விலைக்கு யாரும் மாத்த மாட்டாங்க. இதுல 4 ஜிபி ராம் வேற. ராம் நிரம்பினதும் விண்டோஸ் அந்தச் சில்லு மேலயே எழுதி எழுதி அழிக்கும். வேகமும் போகும், ஆயுசும் குறையும்.

கேட்காம சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அதே காசுக்கு ஆபீஸ்ல ஓடின பழைய லேப்டாப்பே மேல். 8 ஜிபி ராம், கழற்றி மாத்துற எஸ்எஸ்டி இருக்கணும். இன்டெல்னா எட்டாம் தலைமுறைக்குக் கீழ வேணாம், விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுபோச்சு. காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி கமாண்ட் பிராம்ப்ட்ல இதை அடிச்சுப் பாருங்க:

```
powercfg /batteryreport
```

வர்ற அறிக்கையில DESIGN CAPACITY, FULL CHARGE CAPACITYன்னு ரெண்டு எண் இருக்கும். ரெண்டாவது முதலாவதுல பாதிக்கு வந்திருந்தா பேட்டரி விலையையும் சேர்த்துப் பேரம் பேசுங்க.

மெமரி_கார்டு_மணி

சாமி அண்ணே சும்மா பயமுறுத்துறார். என் பையன் லேப்டாப்பும் 64தான். பக்கவாட்டுல 256 ஜிபி கார்டு ஒண்ணைச் சொருகினேன், ரெண்டு வருஷமா ஓடுது. டேப்லெட்லயும் அதேதான். இதுக்குப் போய் செகண்ட் ஹேண்ட் வாங்கச் சொல்றது ஓவர்.

சால்டரிங்_சாமி

மணி தம்பி, பாதி சரி. படம், வீடியோ, ப்ராஜெக்ட் ஃபைல் எல்லாத்தையும் கார்டுக்குத் தள்ளலாம். ஆனா அந்தம்மா சொன்னதைப் பாருங்க, பொண்ணோட ஃபைலே 3 ஜிபிதான். மொத்தத்தையும் கார்டுக்கு மாத்தினாலும் 3 ஜிபிதான் மிச்சமாகும். C:ல உட்கார்ந்திருக்கிற விண்டோஸும் அப்டேட்டும் கார்டுக்கு நகராது. டேப்லெட்லயும் நிறைய ஆப் கார்டுக்குப் போகாது. சிலதுல கார்டு போட இடமே கிடையாது. உங்க மிஷின் கடைசியா எப்போ பெரிய அப்டேட் வாங்கிச்சுன்னு பாருங்களேன்.

மெமரி_கார்டு_மணி

அப்டேட்டை நான் நிறுத்தி வச்சிருக்கேன். அதனாலதான் நல்லா ஓடுது.

சாய்கோடு

கணித ஆசிரியை. சேமிப்பிடத்தைப் பற்றி நீங்கள் பேசிக்கொள்ளுங்கள், எனக்கு உறுத்துவது பேனா. என் மாணவன் ஒருவனுக்கு, "ஸ்டைலஸ் வசதி உண்டு" என்ற ஒற்றை வரியை நம்பி டேப்லெட் வாங்கிக் கொடுத்தார்கள். கூட வந்தது ரப்பர் முனைப் பேனா. இணைய வகுப்பில் முக்கோணம் வரையச் சொன்னேன். அவன் கை திரையில் பட்ட இடமெல்லாம் கோடு. கையைத் தூக்கியபடியே வரைந்து பார்த்தான், பக்கம் நகர்ந்தது. பென்சில் பிடிப்பதைப் போல அல்ல, சுவரில் ஆணி அடிப்பதைப் போலப் பேனாவைப் பிடித்திருந்தான். நான்காவது முயற்சியில் மைக்கை அணைத்துவிட்டான்.

ரப்பர் முனைப் பேனா எந்தத் தொடுதிரையிலும் எழுதும், ஏனென்றால் திரைக்கு அது இன்னொரு விரல். உள்ளங்கையையும் பேனாவையும் பிரித்தறியும் திறன் திரைக்கு அடியில் இருக்க வேண்டும். அது இல்லாத டேப்லெட்டுக்கு எவ்வளவு விலை கொடுத்துப் பேனா வாங்கினாலும் பயனில்லை.

இப்போது கேட்கிற பெற்றோருக்கெல்லாம் ஒன்றுதான் சொல்கிறேன்: கடைக்கு ஓர் அடிக்கோலை எடுத்துப்போங்கள். உள்ளங்கையைத் திரையில் ஊன்றி, கோலை ஒட்டிச் சாய்வாக மெதுவாக ஒரு கோடு இழுங்கள். வேகமாக இழுத்தால் எல்லாப் பேனாவும் நேராகத்தான் வரையும். மெதுவாக இழுக்கும்போது கோடு பாம்பு போல நெளிந்தால் அதில் வடிவியல் வரையவே முடியாது. பேனாவுக்கு மின்கலம் எது என்றும் கேளுங்கள். சில பேனாக்களுக்கு ஏஏஏஏ என்று நான்கு ஏ போட்ட ஒல்லியான மின்கலம் வேண்டும், அவசரத்துக்குக் கிடைக்காது. திரையிலிருந்தே சக்தி எடுத்துக்கொள்ளும் பேனாவும் உண்டு, அதற்கு மின்கலமே தேவையில்லை. பல டேப்லெட்டுகளுக்குப் பேனா தனி விலை என்பதை, லேப்டாப்போடு விலை ஒப்பிடும்போது எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

தூரிகை

ஸ்டைலஸுக்காக டேப்லெட் எதுக்கு? யூஎஸ்பியில லேப்டாப்போட சொருகுற, திரை இல்லாத பேனாப் பலகை வாங்குங்க. நான் அஞ்சு வருஷமா அதுலதான் கார்ட்டூன் வரையிறேன். டேப்லெட் விலையில சின்னப் பங்குதான். பார்வை மேல, கை கீழ, ரெண்டு வாரத்துல பழகிடும். பாப்பாவுக்கு எந்த மாதிரி கார்ட்டூன் பிடிக்கும்?

சாய்கோடு

கார்ட்டூன் இல்லை ஐயா, பள்ளிப்பாடம். ஆனாலும் நீங்கள் சொன்ன பலகையில்தான் நானே பாடம் எடுக்கிறேன். நேர்கோடு நன்றாக வருகிறது. பையில் வைத்துப் பள்ளிக்குக் கொண்டுபோய்க் குறிப்பெடுக்கத்தான் தோதுப்படாது.

பதினொரு_அங்குலம்

என் கதை வேற. பையனுக்குக் கண்ணு வலிக்கக் கூடாதுன்னு கொஞ்சம் கூடக் கொடுத்துப் பதினொரு அங்குல டேப்லெட்டா எடுத்தேன். வேர்ட் ஃபைலைத் திறந்தா படிக்க விடுது, ஒரு எழுத்து அடிக்க விடல. சந்தா கட்டச் சொல்லுது. என் அக்கா பையன்கிட்ட இருக்கிற பழைய எட்டு அங்குலத்துல அதே ஃபைல் ஓசியிலேயே திருத்த வருது! அப்புறம்தான் தெரிஞ்சுது, மைக்ரோசாஃப்ட் கணக்குல 10.1 அங்குலம் வரைக்கும்தான் இலவசத் திருத்தம். பெரிசா வாங்கினதுக்குத் தண்டனை. இப்போ கூகுள் டாக்ஸ்ல ஓட்டுறோம். டேபிள் இருக்கிற பக்கம் மட்டும் திரும்ப வேர்டுக்கு மாத்தும்போது கலைஞ்சு வருது.

காலாவதி

லேப்டாப், டேப்லெட்னு ரெண்டே ரெண்டா பேசறீங்க. நான் குரோம்புக் வாங்கி ஏமாந்தேன். பாதி விலைத் தள்ளுபடி, பெட்டிகூடப் பிரிக்காத புதுசு. 64 ஜிபிதான், ஆனா சிஸ்டம் கொஞ்சமாத்தான் இடம் பிடிக்கும்கிறதால கயல்அம்மா சொன்ன பிரச்சினை வரவே இல்ல. அந்த விஷயத்துல தங்கம்.

ஒன்றரை வருஷம் கழிச்சு, இனி அப்டேட் வராதுன்னு ஒரு அறிவிப்பு. மிஷின் புதுசு மாதிரியே இருக்கு, ஒரு கீறல் இல்ல. விஷயம் என்னன்னா, அப்டேட் காலத்தை நாம வாங்கின நாள்லேருந்து எண்ண மாட்டாங்க, அந்த வகை மிஷின் முதன்முதல்ல வெளிவந்த நாள்லேருந்து எண்ணுவாங்க. 2023ல அதைப் பத்து வருஷமா நீட்டினாங்க. பழைய ரகங்கள் பலதுக்கு அது தானா கிடைக்கல. கிடங்குல தூங்கின வருஷமெல்லாம் நம்ம கணக்குல கழிஞ்சுபோச்சு. Settings, About ChromeOS, Additional details போனா Update schedule இருக்கும். கடையிலேயே திறந்து அந்தத் தேதியைப் பாருங்க. நான் பார்க்கல.

மெமரி_கார்டு_மணி

அப்டேட் இல்லேன்னா என்னங்க, ஓடத்தானே செய்யுது?

காலாவதி

ஓடுது. பையன் பாஸ்வேர்டு அடிச்சு உள்ள போறதும் அதுலதான். உங்களுக்குத் தைரியம் அதிகம்.

கயல்அம்மா

எல்லாருக்கும் நன்றிங்க. சாமி அண்ணன் சொன்னபடி Windows.oldஐ அழிச்சேன், 13 ஜிபி திரும்பி வந்துச்சு. பின்மூடியைக் கழற்றிப் பார்த்தார் வீட்டுக்காரர். நக அளவுக் கறுப்புச் சில்லுதான், வேற ஒண்ணும் இல்ல. கொஞ்ச நேரம் டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு மூடிட்டார். பொண்ணு இப்போ டீச்சர் சொன்னாங்கன்னு பையில அடிக்கோலை எடுத்து வச்சிருக்கா. டேப்லெட் பார்க்கப் போகணுமாம். ரெண்டாவது வாங்குறதா நான் இன்னும் ஒத்துக்கல.

புதுவரவு_77

நேத்துதான் தம்பிக்கு 4 ஜிபி, 64 ஜிபி லேப்டாப் ஆர்டர் போட்டேன். நாளைக்கு வருது. விவரத்துல "64 GB UFS"னு இருக்கு, eMMCன்னு இல்ல. அப்போ இது பரவாயில்லையா?

சால்டரிங்_சாமி

யூஎஃப்எஸ் கொஞ்சம் வேகமா ஓடும். ஆனா அதுவும் பற்றவச்சதுதான், 64ங்கிறதும் அதே 64தான். வர்றதுக்குள்ள ரத்து பண்ண முடியுமான்னு பாருங்க.