ஏழு வயது மகன் கையில் சானிட்டரி பேட் பாக்கெட்: இப்போதே சொல்வதா?

மழைக்குருவி: என் ஏழு வயசுப் பையன் அலமாரியிலிருந்து பேட் பாக்கெட்டை எடுத்துட்டு வந்து "இது என்னம்மா?"ன்னு கேட்டான். "அப்புறம் சொல்றேன்"னு அனுப்பிட்டேன். இப்போதே சொல்லலாமா? சொன்னா எப்படிச் சொல்றது?

கதிர் அப்பா: ஏழு வயசுக்கு இது தேவையே இல்லை. இன்னைக்கு பேட், நாளைக்கு "பாப்பா எப்படி உள்ளே போச்சு?"ன்னு வரும். அதுக்கு என்ன சொல்வீங்க? பெரியவங்க சமாச்சாரம்னு முடிச்சிடுங்க. பாடத்துல வரும்போது படிச்சுக்குவான்.

செவ்வந்தி: பொண்ணுகிட்ட எட்டு ஒன்பது வயசுலேயே சொல்லிடணும் தோழி. சிலருக்கு ஒன்பதுலேயே வந்துடுது. பையில ஒரு பேட், மாத்து உள்ளாடை வச்சு அனுப்புங்க.

மழைக்குருவி: செவ்வந்தி, பையன்பா!

செவ்வந்தி: அய்யோ, அவசரத்துல படிச்சுட்டேன். ஆனா பையனுக்கும் தெரியணும்தான். உடம்புல சேர்ற கெட்ட ரத்தம் மாசம் ஒரு தடவை வெளியே போகுது, அவ்வளவுதான்னு சொல்லிடுங்க. சுலபமா புரியும்.

இரண்டு வால்களின் அம்மா: என் சின்னவனும் இதே வயசுலதான் கேட்டான். நடந்ததை அப்படியே போடறேன்.

"இது என்னம்மா?"
"பேட்டுடா. பீரியட்ஸ் வரும்போது ஜட்டியில ஒட்டிக்குவேன்."
"அப்படின்னா?"
"பொம்பளைங்களுக்கு அடிவயித்துல பாப்பா வளர ஒரு சின்னப் பை இருக்கு, கருப்பைன்னு பேரு. மாசாமாசம் அதுக்குள்ள மெத்தை மாதிரி ஒண்ணு வளரும். பாப்பா வரலைன்னா அது ரத்தத்தோட கரைஞ்சு வெளியே வந்துடும்."
"ரத்தமா! அடிபட்டுச்சா?"
"இல்லடா, காயமே கிடையாது."
"ரத்தம் தீர்ந்து செத்துப்போயிடுவியா?"
"மாட்டேன். எல்லா நாளும் சேர்த்தே ரெண்டு மூணு பெரிய ஸ்பூன்தான். உடம்பு திரும்ப உண்டாக்கிக்கும்."
"பாத்ரூம் போற வரைக்கும் அடக்கிக்கலாம்ல?"
"ஒண்ணுக்கு மாதிரி இதை அடக்க முடியாது. அதுக்குத்தான் பேட்."
"எனக்கும் வருமா?"
"உனக்குக் கருப்பை இல்லையே, வராது."
கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "அப்போ மாசாமாசம் ஒரு பாப்பா செத்துப்போகுதா?"ன்னான். எனக்கு வாயடைச்சுப் போச்சு.

கதிர் அப்பா: இதைத்தான் நானும் சொல்றேன். பிஞ்சு மனசுல சாவு வரைக்கும் போயிடுச்சு பாருங்க.

நைட் டூட்டி நர்ஸ்: கதிர் அப்பா, சொல்லாம விட்டாலும் அந்தப் பயம் வரும். குப்பைக்கூடையில ரத்தக்கறையைப் பார்த்துட்டு, அம்மாவுக்குப் பெரிய வியாதின்னு தனக்குள்ளேயே வச்சுக்கிட்டு மருகற பிள்ளைங்க உண்டு. இந்த வயசுக்கு ரத்தம்னா காயம்தான். அதனால வரிசையை மாத்தணும். "அம்மாவுக்கு அடிபடலை, இது வியாதி இல்லை"ன்னு முதல்ல சொல்லிட்டு, கருப்பைக்கு அப்புறம் வாங்க.

வால்களின் அம்மா, பையன் கேட்டது உங்க வாக்கியத்துலேருந்து வந்ததுதான். "பாப்பா வரலைன்னா"ன்னு கேட்டதும், வரவேண்டிய பாப்பா ஒண்ணு இருந்துச்சுன்னு அவன் எடுத்துக்கிட்டான். "உள்ளே பாப்பா உருவாகவே இல்லை, அதனால மெத்தை வேண்டாம்னு உடம்பு கழட்டிடுது"ன்னா அந்தக் குழப்பம் வராது. அடிவயிறுன்னு நீங்க சொன்னது நல்லது. வெறும் வயிறுன்னா சாப்பாடு போற இடத்துலதான் பாப்பா இருக்குன்னு நினைப்பாங்க.

செவ்வந்தி, கெட்ட ரத்தம் மட்டும் வேண்டாம். ரத்தக்குழாயில ஓடற அதே ரத்தம்தான், கூட கருப்பை உட்சுவரும் கரைஞ்சு வருது. உடம்புல கழிவைப் பிரிக்கற வேலை சிறுநீரகத்துக்கும் கல்லீரலுக்கும். மாசம் ஒரு தடவைங்கறது சரிதான், ஆனா 21 நாளுக்கும் 35 நாளுக்கும் நடுவுல எப்போ வந்தாலும் இயல்புதான்.

செவ்வந்தி: எங்க வீட்டுல அப்படித்தான் சொல்லி வளர்த்தாங்க. அப்போ வாடை ஏன் வருது?

நைட் டூட்டி நர்ஸ்: வெளியே வந்த ரத்தம் பேட்ல ரொம்ப நேரம் தங்கினா கிருமி பெருகி வாடை வரும். நாலிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாத்தினா போதும். மாத்தின பிறகும் துர்நாற்றம் இருந்தாலோ, அரிப்பு இருந்தாலோ டாக்டரைப் பார்க்கணும்.

கதிர் அப்பா: எல்லாம் சரி. பள்ளிக்கூடத்துல போய் "எங்கம்மாவுக்கு பீரியட்ஸ்"னு சொன்னா?

இரண்டு வால்களின் அம்மா: என் பெரியவன் சொன்னான்! டீச்சரே கூப்பிட்டுச் சொன்னாங்க. "தப்பான விஷயம் இல்லை, ஆனா யாருக்கு எப்போ வருதுங்கறது அவங்கவங்க சொந்த விஷயம்"னு சொன்னேன். புரிஞ்சுக்கிட்டான்.

கதிர் அப்பா: தப்பில்லை, ஆனா வெளியே சொல்லாதே. ஏழு வயசுல ரெண்டையும் எப்படிங்க பிரிச்சுப் பார்ப்பான்? எனக்கு ஒப்பலை.

மழைக்குருவி: ராத்திரி சொல்லிட்டேன். அடிபடலைன்னு முதல்ல சொன்னதால ரத்தத்தைப் பத்திப் பயப்படலை. ஒரு புதுப் பேட்ல தண்ணி ஊத்திக் காட்டினேன். தண்ணி எங்கே போச்சுன்னு பிரிச்சுப் பார்த்து, உள்ளே ஜெல் ஆகியிருக்கறதை நோண்டிக்கிட்டே இருந்தான். பாப்பா எப்படி உள்ளே போச்சுன்னு கேட்கலை. கேட்டது வேற: "பாட்டிக்கும் பேட் வாங்கணுமா?"

நைட் டூட்டி நர்ஸ்: வேண்டாம்னு சொல்லுங்க. பெரும்பாலும் 45லிருந்து 55 வயசுக்குள்ள நின்னுடும். ஆனா நின்னு ஒரு வருஷம் ஆனப்புறம் ஒரு துளி ரத்தம் பட்டாலும் டாக்டர்கிட்ட காட்டணும். இதைப் பாட்டிகிட்ட நீங்க சொல்லிடுங்க.