புதுப்பிப்பு: ஏடிஎம்மில் வராத 5,000 ரூபாய்

"ஏடிஎம்மில் பணம் வரவில்லை, கணக்கில் மட்டும் 5,000 கழிந்துவிட்டது. வங்கிக்கு என்ன எழுதுவது?" – மே 3 அன்று நான் கேட்டது.

மே 14 அன்று பணம் திரும்பிவிட்டது. நடந்த கதையெல்லாம் எழுதிய முதல் மின்னஞ்சலுக்குப் பதிலே இல்லை. அப்புறம், வங்கியில் வேலை பார்த்த அண்ணன் இங்கே சொன்னபடி சுருக்கமாக எழுதினேன்: தேதி, நேரம், ரசீதில் இருந்த ஏடிஎம் எண், பரிவர்த்தனை எண், கணக்கின் கடைசி 4 இலக்கம். கீழே ஒரே வரி: "ரூ. 5,000-ஐயும், 5 நாளுக்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ரிசர்வ் வங்கி விதிப்படி ரூ. 100-ஐயும் வரவு வையுங்கள்."

7 நாள் கெடு என்ற நண்பரே, அது பழைய விதி, 2019-இல் மாறிவிட்டது. யுபிஐயில் பணம் போனவர் தனியாகக் கேளுங்கள், அதற்குக் கெடு வேறு.

மே 8-க்குப் பிறகு 6 நாள் தாமதம். அந்த 600 ரூபாய் இன்னும் வரவில்லை. புகார் எண்ணோடு மறுபடி எழுதியிருக்கிறேன்.