டிசென்டன்ட் மீனமா, மேஷமா? உதவி தேவை

மேற்கத்திய முறை, அயனாம்சம் கழிக்காமல் போட்ட ஜாதகம். பிறப்புச் சான்றிதழில் உள்ள காலை 6:10 மணிக்கு அசென்டன்ட், அதாவது லக்னம், கன்னி 29°20', எனவே அதற்கு நேர் எதிரே துணையைக் காட்டும் டிசென்டன்ட் மீனம். ஒரு பாகை நகர ஏறக்குறைய 4 நிமிடம்தான், அதனால் நேரம் 5 நிமிடம் தள்ளிப்போனாலே மேஷம். 6:10 என்பதே யாரோ முழுசாக்கி எழுதியது போலத்தான் இருக்கிறது.

அம்மாவிடம் கேட்டேன், "விடிஞ்சும் விடியாம" என்கிறார், அவ்வளவுதான். பிளாசிடஸ் வீட்டு முறையை விட்டு முழு ராசி வீடுகளில் போட்டும் பார்த்தேன், டிசென்டன்ட் பாகை அதேதான், அது மாறாது என்று அப்புறம்தான் உறைத்தது.

சரி, ஆட்களை வைத்துப் பார்ப்போம் என்றால் அதுவும் குழப்பம். முதல் காதலர் மூன்று வேலை விட்டவர், ஒவ்வொரு முறையும் நான்தான் தூக்கிவிட்டேன், அச்சு அசல் மீனம். இரண்டாமவர் சந்தித்த பத்தாவது நிமிடமே என்னோடு சண்டை போட்டார், எனக்கு அதுவே பிடித்துவிட்டது. அது மேஷம் என்று சொல்லிவிடலாம், ஆனால் என் செவ்வாய் மீனம் 27°-இல், எந்த நேரம் வைத்தாலும் டிசென்டன்டை ஒட்டியே நிற்கிறது.

செவ்வாயால் வரும் ஈர்ப்பைக் கழித்துவிட்டு மீனமா மேஷமா என்று பிரிக்க, ஏழாம் அதிபதியை (குருவா செவ்வாயா) வைத்து எதைச் சோதிக்க வேண்டும்?