முன்தேர்வுக்கும் பின்தேர்வுக்கும் எழுதும் ஜோடித் தாள்கள்: 'இணைத்தாள்' சரியா?

வினாக்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஆறு மணி நேரப் புள்ளியியல் பாடத்தொகுதி ஒன்றுக்கு ஆசிரியர் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். சராசரி, இடைநிலை, பரவல், மாதிரி எடுப்பது, அவ்வளவுதான். தொடங்கும் முன் ஒரு தேர்வு, முடிந்ததும் ஒரு தேர்வு வைத்து, பாடம் வேலை செய்ததா என்று பார்க்க வேண்டும். ஒரே தாளை இரண்டு தடவை கொடுத்தால் விடை நினைவில் நின்றுவிடுமே என்று 10 வினாக்கள் கொண்ட இரண்டு தாள் தயாரித்தேன். 'அ' தாளில் உள்ள ஒவ்வொரு வினாவுக்கும் 'ஆ' தாளில் ஒரு ஜோடி உண்டு.

பேரலல் ஃபார்ம்ஸ் என்கிறார்களே, அதற்கு 'இணைத்தாள்கள்' என்று கையேட்டில் போட்டிருக்கிறேன். அச்சுக்குப் போகும் முன் இங்கே ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

சொல்வேட்டை எழுதியது:

'இணை' வேண்டாம் அம்மா. இணைத்தாள் என்றால் விடைத்தாளோடு சேர்த்துக் கட்டும் கூடுதல் தாள் என்றுதான் பலருக்கும் தோன்றும். இரண்டும் சமம் என்ற பொருள் வரவேண்டும். நிகர்த்தாள் எப்படி? சொல்லச் சுருக்கமாகவும் இருக்கிறது.

புதியவன் எழுதியது:

இதே தொல்லையை நானும் பட்டேன். பின்தேர்வு முடிந்த பிறகு யாருடைய முன்தாள் எது என்று தெரியவில்லை. பெயர் எழுத வேண்டாம், பயப்படுவார்கள் என்று நல்லெண்ணத்தில் சொல்லியிருந்தேன். அவரவர் ஒரு ரகசியக் குறியீடு போடட்டும் என்றேன்; இரண்டாம் முறை பாதிப் பேருக்கு அது மறந்துபோனது. கடைசியில் கையெழுத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டியதாயிற்று. தாளின் மூலையில் நீங்களே எண் அச்சிட்டு, யாருக்கு எந்த எண் என்ற பட்டியலை வேறொருவரிடம் கொடுத்துவையுங்கள். 'இணைத்த தாள்' என்றே சொல்லலாமே?

வினாக்காரி எழுதியது:

நன்றி தம்பி, எண் யோசனையை எடுத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் சொல்வது ஒருவருடைய இரண்டு விடைத்தாள்களைச் சேர்ப்பது. நான் கேட்பது வினாத்தாளைப் பற்றி. நீங்களே இப்படிப் புரிந்துகொண்டீர்கள் என்றால் 'இணை' நிஜமாகவே குழப்பும் போலிருக்கிறது. முன், பின் மதிப்பெண்களை ஆளுக்கு ஆள் ஒப்பிடும் சோதனையையும் இணைச் சோதனை என்றுதான் எழுதியிருக்கிறேன். ஒரே பக்கத்தில் இரண்டு இணை!

எண்ணும் எழுத்தும் எழுதியது:

நிகர்த்தாளுக்கு என் வாக்கு. இதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. வினாவை அப்படியே வைத்துக்கொண்டு எண்ணை மட்டும் மாற்றினால் நிகர். சந்தேகமாக இருந்தால் ஒரு 20 பேருக்கு இரண்டையும் கொடுத்து டி-சோதனை போடுங்கள். வித்தியாசம் பொருட்படுத்தத்தக்கதாக இல்லை என்று வந்தால் இரண்டும் சமம். முடிந்தது.

பழைய தேர்வாளர் எழுதியது:

முடியவில்லை ஐயா. எண்ணை மட்டும் மாற்றுவது நல்ல தொடக்கம், அதை ஒப்புக்கொள்கிறேன். கதையையும் எண்ணையும் வாக்கிய அமைப்பையும் ஒரே நேரத்தில் மாற்றுகிறவர்களைவிட நீங்கள் மேல். ஆனால் எண் மாறும்போதே வினாவும் மாறிவிடுவது உண்டு. வினாக்காரி அம்மா தனிமடலில் அனுப்பிய ஒரு ஜோடியை அவர் அனுமதியோடு இங்கே போடுகிறேன். இடைநிலையைக் கண்டுபிடிக்கச் சொல்லும் வினா.

அ தாள்: 3, 4, 5, 6, 22
ஆ தாள்: 7, 2, 9, 31, 6

இரண்டிலும் ஐந்து எண்கள், ஒன்று மட்டும் தறிகெட்டுப் பெரியது. சராசரி முதலாவதில் 8, இரண்டாவதில் 11. வகுத்தால் மீதி வராது. அக்கறையாகச் செய்திருக்கிறார். ஆனால் அ தாளில் எண்கள் ஏற்கெனவே வரிசையில் நிற்கின்றன. வரிசைப்படுத்த வேண்டும் என்றே தெரியாதவர் நடுவில் இருக்கும் 5-ஐ எழுதி முழு மதிப்பெண் வாங்கிவிடுவார். அதே ஆள் ஆ தாளில் நடுவில் இருக்கும் 9-ஐ எழுதித் தோற்பார். சரியான விடை 7. ஆக அ தாள் மன்னித்துவிடும் ஒரு தவற்றை ஆ தாள் பிடித்துவிடுகிறது. அ முன்தேர்வாகவும் ஆ பின்தேர்வாகவும் போனால், பாடம் நன்றாக நடந்திருந்தாலும் இந்த வினாவில் முன்னேற்றம் தெரியாது. மாற்றி வைத்தால் பாடம் பிரமாதம் என்று தெரியும். இரண்டுமே பொய்.

அ தாளை 5, 22, 4, 3, 6 என்று கலைத்துப் போட்டால் சரியாகிவிடும். இப்போது வரிசைப்படுத்தாதவர் 4 என்பார், சராசரியோடு குழப்பிக்கொள்பவர் 8 என்பார், தெரிந்தவர் 5 என்பார். ஆ தாளில் அதே மூன்று பேரும் 9, 11, 7 என்பார்கள். ஜோடி வினா எழுதும்போது நான் பார்ப்பது இதைத்தான்: சரியான விடைக்குப் போகும் வழி மட்டுமல்ல, தப்பு விடைகளுக்குப் போகும் வழிகளும் இரண்டிலும் ஒன்றாக இருக்கின்றனவா? சொல்லும் ஒன்றாக இருக்கட்டும். ஒரு தாளில் 'இடைநிலை' என்றும் மற்றதில் 'நடுமதிப்பு' என்றும் போட்டால் நீங்கள் சோதிப்பது சொல்லறிவை. இலங்கைப் பாடநூலில் படித்தவருக்கு இரண்டுமே புதிது, அவருக்கு அது 'இடையம்'.

அப்புறம் அந்த டி-சோதனை. 20 பேரிடம் வித்தியாசம் பிடிபடவில்லை என்றால் வித்தியாசம் இல்லை என்று பொருளா? வலை பெரிய கண்ணி, மீன் சிறியது, அவ்வளவுதான். புள்ளியியல் பாடத்துக்கான கையேட்டிலேயே இந்தத் தவற்றைச் செய்தால் நன்றாக இருக்காது. அதனால்தான் 'நிகர்' எனக்கு உறுத்துகிறது. அளந்து பார்க்காத சமத்தை அந்தச் சொல் உறுதி கொடுத்துவிடுகிறது.

சொல்வேட்டை எழுதியது:

போதாததற்கு 'நிகர வருமானம்' என்று வேறு ஒரு நிகர் இருக்கிறது. நிகர்த்தாள் மதிப்பெண் என்றால் தப்புக்குக் கழித்தது போக மீதி என்று யாராவது படிப்பார்கள். என் சொல்லை நானே திரும்பப் பெறுகிறேன்.

சமம் என்று சொல்லக்கூடாது, ஒரே இடத்திலிருந்து வந்தவை என்று மட்டும் சொல்ல வேண்டும், அப்படித்தானே? 'வார்ப்பு' சரியாக வரும். ஒரே அச்சில் வார்த்த இரண்டு விளக்குகளில் ஒன்றில் கொஞ்சம் கசடு இருக்கலாம், எடை ஒரு குன்றிமணி கூடலாம். ஆனாலும் அச்சு ஒன்றுதான். ஒருவார்ப்பு வினா, ஒருவார்ப்புத் தாள்.

எண்ணும் எழுத்தும் எழுதியது:

சொல் நன்றாக இருக்கிறது. ஆனால் எடை கூடும் என்று நீங்களே ஒப்புக்கொண்ட பிறகு, அந்தத் தாள்களை வைத்து எதை அளப்பது? பேசாமல் ஒரே தாளையே இரண்டு தடவை கொடுத்துவிடலாமே. கேயாஸ் என்ற 40 வினாப் புள்ளியியல் தேர்வை அப்படித்தான் பாடத்துக்கு முன்னும் பின்னும் கொடுக்கிறார்கள். 2007-இல் வந்த ஆய்வில் சராசரி மதிப்பெண் சுமார் 45 விழுக்காட்டிலிருந்து 54-க்குத்தான் ஏறியது. நினைவாற்றல் அவ்வளவு பெரிய ஆபத்து என்றால் இன்னும் ஏறியிருக்க வேண்டாமா?

பழைய தேர்வாளர் எழுதியது:

நல்ல கேள்வி. அங்கே இரண்டு தேர்வுக்கும் நடுவில் ஒரு முழுப் பாடத்திட்டமே ஓடியது, பல வாரம். இவருடையது ஆறு மணி நேரம். காலையில் பார்த்த 22 மாலையில் மறக்காது. அதைவிட மோசம், முன்தேர்வு முடிந்ததும் "அந்த நாலாவது வினாவுக்கு என்ன விடை?" என்று வகுப்பில் ஒரு கை உயரும். ஆசிரியரும் கரும்பலகையில் போட்டுக் காட்டிவிடுவார்.

எடை வித்தியாசத்தைக் கையாள வழி இருக்கிறது. வகுப்பைக் குலுக்கிப் போட்டு இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதிக்கு முதலில் அ, பிறகு ஆ. மறுபாதிக்கு முதலில் ஆ, பிறகு அ. கணக்குப் புரிவதற்காக எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். முதல் பாதி 4.5-லிருந்து 5.5-க்குப் போகிறது, ஏற்றம் 1. இரண்டாம் பாதி 3-லிருந்து 7-க்குப் போகிறது, ஏற்றம் 4. ஒரே ஆசிரியர், ஒரே பாடம், ஏன் இந்த இடைவெளி? ஆ தாள் கடினம். முதல் பாதியில் பாடத்தின் பலனிலிருந்து அந்தக் கடினம் கழிகிறது, இரண்டாம் பாதியில் கூடுகிறது. இரண்டு ஏற்றத்துக்கும் சராசரி 2.5, அது பாடத்தைச் சேர்ந்தது. வித்தியாசத்தில் பாதி 1.5, அது தாளைச் சேர்ந்தது. முன்தேர்வை மட்டும் பாருங்கள்: 4.5-க்கும் 3-க்கும் இடைவெளி அதே 1.5.

எல்லோருக்கும் அ முதலில், ஆ பிறகு என்று கொடுத்திருந்தால் ஏற்றம் 1 என்று எழுதிவைத்துவிட்டுப் பாடம் சுமார்தான் என்று வருத்தப்பட்டிருப்பீர்கள்.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. வகுப்பு சின்னதென்றால் குலுக்கலே ஒரு பாதியில் கெட்டிக்காரர்களைக் குவித்துவிடும். பாடமே நடத்தாமல் மாலையில் இன்னொரு தாள் கொடுத்தாலும், தேர்வு பழகிய பழக்கத்தில் கொஞ்சம் ஏறும். அதையும் இந்தக் கணக்கு பாடத்தின் பலன் என்றே எழுதிக்கொள்ளும். பாடம் கேட்காத ஒரு குழு இருந்தால்தான் அதைப் பிரிக்க முடியும்.

இன்னொன்று. ஜோடி வினாவில் எது அ-வுக்கு, எது ஆ-வுக்கு என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்யுங்கள். நாம் முதலில் எழுதுவது எளிமையாக வரும், இரண்டாவதில் நம்மை அறியாமல் ஒரு முறுக்கு ஏறும். இரண்டாவதை எல்லாம் ஆ தாளிலேயே போட்டுக்கொண்டு போனால் அந்த முறுக்கு எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்துவிடும்.

வினாக்காரி எழுதியது:

ஐயா சொன்னது உண்மை. என் ஆ தாள் முழுக்க இரண்டாம் நாள் எழுதியது. நேற்று பத்து ஜோடிக்கும் சுண்டிப் பார்த்தேன், நான்கு இடம் மாறின.

கையேட்டில் இப்படி வைக்கிறேன்: ஒரே அச்சில் எழுதிய ஜோடி 'ஒருவார்ப்பு வினாக்கள்', அவற்றால் ஆன தாள்கள் 'ஒருவார்ப்புத் தாள்கள்'. இடம் மாற்றிக் கொடுப்பதற்கு 'மாற்றுவரிசை'. 'நிகர்த்தாள்' என்ற சொல்லை, போதிய பேரிடம் அளந்து பார்த்துச் சமம் என்று தெரிந்த தாளுக்கு மட்டும் ஒதுக்கி வைக்கிறேன். அதை நான் பயன்படுத்த வேண்டிய அவசியம் இப்போதைக்கு வராது.

சொல்வேட்டை எழுதியது:

'நிகர்' வேண்டாம் என்று நானே கைகழுவிய பிறகு அதற்கு வேலை கொடுத்துவிட்டீர்களே! 'சமன்தாள்' என்று வையுங்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

வினாக்காரி எழுதியது:

அதைப் பிறகு பார்ப்போம் அண்ணா. இப்போது ஏழாம் வினாவில் சிக்கி நிற்கிறேன். அ தாளில் வலப்பக்கம் வால் நீண்ட பரவலின் படம், ஆ தாளில் இடப்பக்கம். சராசரி, இடைநிலை இரண்டில் எது பெரியது என்பது கேள்வி. படத்தைக் கண்ணாடியில் திருப்பியது போலத்தான், ஒரே வார்ப்புதானே?

பழைய தேர்வாளர் எழுதியது:

இல்லை அம்மா. "வால் இருந்தால் சராசரிதான் பெரியது" என்று உருப்போட்டவர் அ-வில் ஜெயித்து ஆ-வில் தோற்பார். இரண்டிலும் வலப்பக்க வால் வையுங்கள். இடம் இருந்தால் இரண்டு தாளிலும் இரண்டு வகையையும் வையுங்கள், உருப்போட்டவர் யார் என்றும் தெரிந்துவிடும்.

புதியவன் எழுதியது:

அப்படியென்றால் 11 வினா ஆகிவிடுமே. முதலில் நேரம் போதுமா?